வெளிறிப்போன மரகதம்: அப்படியே விடலாமா, எண்ணெயா, பிசினா, மறுபட்டையா?

மரகத மோதிரம் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "வாங்கும்போது கல் கண்ணாடி மாதிரி இருந்தது. இப்போது உள்ளே வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன. கல் உடைந்துவிட்டதா? என்ன செய்யலாம்?" கடையில் கேட்டால் ஒருவர் எண்ணெய் போடச் சொல்கிறார், இன்னொருவர் பிசின் நிரப்பினால் இனிமேல் பிரச்சினையே வராது என்கிறார், மூன்றாமவர் பட்டையைத் திருத்தித் தருகிறேன் என்கிறார். மூன்றுமே உண்மையான வழிகள். ஆனால் ஒன்றைச் செய்துவிட்டால் மற்றொன்றுக்குத் திரும்ப முடியாமல் போகும் இடங்கள் இதில் உண்டு. அதனால் எதையும் தொடுவதற்கு முன் நிதானமாக யோசிப்பது நல்லது.

## அந்த வெள்ளைக் கோடு எங்கிருந்து வந்தது

மரகதம் விரிசலோடுதான் பிறக்கிறது. பூமிக்குள் வளரும்போதும் வளர்ந்த பின்பும் ஏற்பட்ட அழுத்தத்தால் உள்ளே மெல்லிய பிளவுகள் உண்டாகின்றன. வளர்ந்துகொண்டிருக்கும் படிகம் தன்னைச் சுற்றியிருந்த திரவத்தையும் வேறு கனிமங்களையும் உள்ளே பிடித்து வைத்துக்கொள்கிறது. கொலம்பியா மரகதங்களில் ஒரு சின்னஞ்சிறு குழிக்குள் உப்புநீரும், ஒரு வாயுக் குமிழியும், ஒரு கனசதுர உப்புப் படிகமும் சேர்ந்து இருப்பதை உருப்பெருக்கியில் பார்க்கலாம். ஜாம்பியா மரகதங்களில் மைக்காத் தகடுகள் அடிக்கடி தென்படும். இவையெல்லாம் கல்லுக்குள் பூட்டப்பட்டவை. எண்ணெயும் பிசினும் அவற்றைத் தொடவே முடியாது. வருடங்கள் போனாலும் அவை மாறுவதில்லை.

மாறுவது வேறு ஒன்று: கல்லின் மேற்பரப்பு வரை வந்து திறந்திருக்கும் விரிசல்கள். சந்தைக்கு வரும் பெரும்பாலான மரகதங்களில் இந்தத் திறந்த விரிசல்களுக்குள் எண்ணெயோ பிசினோ ஏற்றப்பட்டிருக்கும். காரணம் ஒளி. மரகதத்தின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு, சுமார் 1.58. விரிசலுக்குள் காற்று இருந்தால் அதன் எண் 1 மட்டுமே. இவ்வளவு வித்தியாசம் இருப்பதால் ஒளி அந்த இடத்தில் மோதித் திரும்புகிறது, விரிசல் வெள்ளையாகப் பளபளக்கிறது. சீடர் மர எண்ணெயின் எண் சுமார் 1.51. அது உள்ளே போனதும் வித்தியாசம் குறைகிறது, ஒளி பெருமளவு நேராகக் கடந்துபோகிறது, விரிசல் கண்ணுக்குப் படுவதில்லை. சொரசொரப்பான கண்ணாடியை நனைத்தால் தெளிவாகத் தெரிகிறதே, அதே கணக்குதான்.

அப்படியானால் வெள்ளைக் கோடு தோன்றியதன் பொருள், அநேகமாக, கல் புதிதாக உடைந்தது அல்ல. ஆரம்பத்திலிருந்தே இருந்த விரிசலிலிருந்து எண்ணெய் வெளியேறி அங்கே காற்று புகுந்திருக்கிறது. வெந்நீர், சோப்பு, அடுப்பு வெப்பம், வாசனைத் திரவியத்தில் உள்ள ஆல்கஹால், நகைக்கடையில் அதிர்வால் நகையைச் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் கருவி என்று எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். சில நேரம் காலம் மட்டுமே போதும்.

இதை உறுதிசெய்ய ஒரு பத்து மடங்கு லென்ஸும் மேசை விளக்கும் போதும். மோதிரத்தை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்து, கல்லின் மேல்தளத்திலிருந்து விளக்கொளி பளிச்சென்று எதிரொளிக்கும் கோணத்தை முதலில் பிடியுங்கள். அந்தப் பளபளப்பின் மீது மயிரிழை போல ஒரு கோடு ஓடினால், விரிசல் மேற்பரப்புக்கு வருகிறது என்று அர்த்தம். இப்போது கல்லுக்குள் பாருங்கள். அந்தக் கோட்டிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு தளம் கண்ணாடி போல மின்னினாலோ, சாய்க்கும்போது அதில் வானவில் நிறங்கள் ஓடினாலோ, அங்கே காற்று இருக்கிறது. மஞ்சளோ பழுப்போ கலந்த கறை, அல்லது கிளை பிரிந்த கொடி மாதிரி ஒரு கோலம் தெரிந்தால், அது காய்ந்துபோன பழைய எண்ணெய். புதிய உடைப்பின் அடையாளம் வேறு: விளிம்பில் நகம் தட்டும் ஒரு படி, சிறு சில்லு பெயர்ந்த குழி, கொஞ்ச நாளுக்கு முன் எங்கேயோ இடித்த ஞாபகம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் அளவுகோல்களைச் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் பார்ப்பது, செய்ததை நாளைக்குத் திருப்பி எடுக்க முடியுமா என்பதை. அழகு இரண்டாவது. மரகதம் பல தலைமுறை இருக்கக்கூடிய பொருள். அதற்குள் நாம் வைக்கும் எதுவும் அவ்வளவு காலம் இருக்காது. அடுத்து, எவ்வளவு காலம் தாங்கும் என்பது. பிறகு, கல்லின் எடைக்கும் விலைக்கும் சான்றிதழுக்கும் என்ன ஆகும். கடைசியாக, அந்த வேலையைச் செய்யும்போதே கல்லுக்கு என்ன ஆபத்து.

இவற்றுக்கெல்லாம் முன்பாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: இப்போது கல்லுக்குள் என்ன இருக்கிறது? எண்ணெயா, பிசினா? பிசின் நிரப்பிய விரிசலை உருப்பெருக்கியில் இருண்ட பின்னணியில் வைத்துத் திருப்பினால், பெரும்பாலும் நீலமும் ஆரஞ்சும் மாறிமாறி ஒரு மின்னல் தெரியும். உள்ளே தட்டையான குமிழிகளும் சிக்கியிருக்கலாம். ஆனால் இரண்டும் கலந்திருக்கும் கற்களும் உண்டு என்பதால் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். விலை மதிப்புள்ள கல் என்றால் ரத்தினப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிப் பார்த்துவிடுவதே நல்லது. இந்த விவரம் தெரியாமல் செய்யும் எந்த வேலையும் குருட்டாம்போக்குதான்.

## வழி 1: அப்படியே விட்டுவிடுவது

இதை யாரும் ஒரு வழியாகவே சொல்வதில்லை. சொல்லிப் பிழைப்பு நடத்த முடியாது என்பதால் இருக்கலாம். ஆனால் வெளிறிய கோடு ஒன்றிரண்டு மட்டும், கல்லின் ஓரத்தில், மேலிருந்து பார்த்தால் நிறத்தைக் கெடுக்காமல் இருந்தால், இதைவிடப் பாதுகாப்பான முடிவு வேறில்லை. கல்லை மோதிரத்திலிருந்து கழற்ற வேண்டாம், எடை குறையாது, செலவு இல்லை. நாளைக்கு மனம் மாறினால் மற்ற எல்லா வழிகளும் அப்படியே திறந்திருக்கும்.

மறைமுக விலை ஒன்று உண்டு. திறந்த, காய்ந்த விரிசலுக்குள் சோப்பு நீர், முகப்பூச்சு, அழுக்கு எல்லாம் போய்ச் சேரும். பின்னால் எண்ணெய் ஏற்றலாம் என்று முடிவெடுத்தால் சுத்தம் செய்வது அவ்வளவுக்கவ்வளவு கடினம். ஆகவே அப்படியே விடுவதென்றால் தினசரி உபயோகத்தையும் குறைக்க வேண்டும். காதணி, பதக்கம் போன்ற, கையின் அழுக்கும் இடியும் படாத நகைகளுக்கு இந்த வழி மிகவும் பொருந்தும்.

## வழி 2: மறுபடி எண்ணெய் ஏற்றுவது

மேல்தளத்தின் நடுவே வெள்ளைத் தளம் தெரிந்து, பச்சையே மங்கிப்போயிருந்தால், பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான். நிறமற்ற எண்ணெயை மறுபடி ஏற்றுவது பழைய, எல்லோரும் ஏற்றுக்கொண்ட முறை. எல்லாவற்றுக்கும் மேலாக, வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம்.

முறையாகச் செய்தால் அது ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும் வேலை. முதலில் கல்லை மோதிரத்திலிருந்து கழற்றி, எடை போட்டு, படம் எடுத்து வைக்க வேண்டும். பிறகு ஆல்கஹால் அல்லது அசிட்டோன் போன்ற கரைப்பானில் ஊறவைத்துப் பழைய எண்ணெயை வெளியேற்ற வேண்டும். சில கற்களுக்கு மணிக்கணக்கு போதும், சிலவற்றுக்கு நாள்கணக்கு. முழுதாகக் காய்ந்த பின், எண்ணெயில் மூழ்கிய நிலையில் கல்லை வெற்றிடக் கலத்தில் வைத்து விரிசலில் உள்ள காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். எண்ணெயை மெல்லச் சூடாக்கி இளக்கி, பிறகு அழுத்தம் கொடுத்தால் அது காற்று இருந்த இடத்துக்குள் நுழையும். வெற்றிடம் இல்லாமல் வெறுமனே எண்ணெயில் போட்டு வைத்தால் மெல்லிய விரிசலின் வாயில் கொஞ்சம் நுழையும், ஆழத்தில் காற்று அப்படியே அடைபட்டுக் கிடக்கும். அந்தக் கல் கொஞ்ச நாள் அழகாக இருந்துவிட்டு மறுபடி வெளிறும்.

இங்கே தவறு நடக்கும் இடம் சுத்தம் செய்வதில்தான். அவசரத்தில் பழைய கறையின் மேலேயே புது எண்ணெயை ஏற்றுவார்கள். அன்றைக்கு நன்றாகத் தெரியும், ஆனால் மஞ்சள் கறை உள்ளேயே இருக்கும், நிறம் ஒருபோதும் முன்பிருந்த தூய்மைக்கு வராது. கொடுக்கும்போதே "பழையதை முழுக்க எடுத்துவிட்டு, காய்ந்த நிலையில் ஒரு படம் எடுத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அந்தப் படம் உங்கள் கல்லின் உண்மையான முகம். அதைப் பார்த்துப் பலர் திடுக்கிடுவார்கள். ஆனால் இனிமேல் அந்தக் கல்லை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை அதைவிட நன்றாக வேறெதுவும் சொல்லாது.

மறைமுகச் செலவுகள் மூன்று. முதலாவது, கல்லைக் கழற்றிப் பதிப்பது. ஒவ்வொரு முறை பதிக்கும்போதும் உலோகத்தைக் கல்லின் மேல் அழுத்தித்தான் ஆக வேண்டும், மரகதத்தின் மூலைகள் பெயர்வது அடிக்கடி இந்த நொடியில்தான். இரண்டாவது, இது ஒருமுறை செய்து முடியும் வேலை அல்ல. எவ்வளவு காலம் என்பது விரிசலின் அகலத்தையும் அணியும் விதத்தையும் பொறுத்தது. குறுகிய விரிசல் எண்ணெயை நீண்ட காலம் பிடித்துவைக்கும், வாய் அகன்றது சீக்கிரம் விட்டுவிடும். மூன்றாவது, சான்றிதழ். ஜிஐஏ போன்ற பரிசோதனைக் கூடங்கள் நிரப்பலின் அளவை மூன்று நிலைகளாகச் சொல்கின்றன: குறைவு, மிதமானது, கணிசமானது. அது பரிசோதித்த நாளின் நிலை மட்டுமே. எண்ணெய் வற்றினாலும், மறுபடி ஏற்றினாலும் பழைய தாள் இந்தக் கல்லைப் பற்றிப் பேசாது. விற்கும் எண்ணம் இருந்தால் புதிய பரிசோதனைக்கும் செலவு வைத்துக்கொள்ளுங்கள். இதே காரணத்தால், "எண்ணெய் இல்லை" என்று ஒரு தாளில் இருந்தால் "விரிசல் இல்லை" என்று படித்துக்கொள்ளக் கூடாது.

வீட்டில் சமையலெண்ணெய் தடவிப் பார்ப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அந்த எண்ணெய்கள் காற்றுப் பட்டுக் கெட்டுப் பிசுபிசுக்கும், மஞ்சளாகும், விரிசலின் வாயை அடைத்துவிடும். பின்னால் சரியாகச் செய்ய வருபவருக்கு அதை எடுப்பதே பெரும்பாடு. பச்சைச் சாயம் கலந்த எண்ணெயும் அப்படித்தான் தவிர்க்க வேண்டியது. அது விரிசலை மறைப்பதோடு நிற்காமல் நிறத்தையும் பொய்யாக்குகிறது, வற்றும்போது நிறமும் கூடவே போகும்.

## வழி 3: பிசின் நிரப்புவது

எபாக்ஸி வகைப் பிசின்களின் ஒளிவிலகல் எண் எண்ணெயைவிட மரகதத்துக்கு நெருக்கமாக வரும். அதனால் விரிசல் இன்னும் நன்றாக மறையும். கெட்டிப்படுத்திய பிசின் வழிந்து வெளியே வராது, வெந்நீருக்கும் சோப்புக்கும் எண்ணெயைவிட நன்றாகத் தாங்கும். "இனிமேல் பிரச்சினையே வராது" என்று கடைக்காரர் சொல்வது இதை வைத்துத்தான்.

பிரச்சினை வருகிறது, ஆனால் தாமதமாக வருகிறது. பிசினும் மூப்படையும். சில வகைகள் வருடங்கள் போகப்போக மஞ்சளாகின்றன, சில வெள்ளையாகக் கலங்கிப்போகின்றன. எண்ணெய் வற்றினால் காலியான விரிசல் கிடைக்கிறது, அதில் மறுபடி ஏற்றலாம். பிசின் கெட்டுப்போனால் விரிசலுக்குள் கெட்டியான ஒரு அழுக்குப் படலம் உட்கார்ந்திருக்கும். கெட்டிப்பட்ட பிசினைக் கரைத்து எடுப்பது நீண்ட வேலை, முழுதாக வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. கரைப்பானில் பிசின் உப்பினால் விரிசலின் சுவர்களையே தள்ளக்கூடும்.

விலையிலும் இது தெரியும். ஒரே நிறமும் தெளிவும் உள்ள இரண்டு கற்களில், எண்ணெய் மட்டும் குறைவாக ஏற்றியதற்குத்தான் வியாபாரிகள் கூடுதலாகத் தருவார்கள். எண்ணெய்க் கல்லாக இருந்ததைப் பிசின் கல்லாக மாற்றுவது, பார்வைக்கு அதை உயர்த்தி, மதிப்பில் இறக்குகிற வேலை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பிசின் விரிசலை மறைக்கிறது என்பதற்காக அது கல்லைப் பலமாக்கிவிட்டது என்று நம்பக் கூடாது. விரிசல் இருந்த இடத்தில் கல் இன்னும் பலவீனமாகவே இருக்கிறது, அது நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியாத பலவீனத்தை யாரும் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதில்லை.

அப்படியானால் பிசின் யாருக்கு? ஏற்கனவே பிசின் நிரப்பிய கல்லுக்கு, பழையதை எடுத்துவிட்டு அதே வகையில் நிரப்புவது நியாயம். விரிசல்கள் மிக அகலமாக இருந்து, எண்ணெய் சில மாதங்கூடத் தங்காத, மறுவிற்பனை பற்றிக் கவலையில்லாத மலிவான கல்லுக்கும் சரி. நல்ல கல்லுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

## வழி 4: மறுபடி பட்டை தீட்டுவது

எண்ணெயும் பிசினும் விரிசலின் தோற்றத்தை மாற்றுபவை. மூலை பெயர்ந்தாலோ, பட்டைகளின் விளிம்பு தேய்ந்து சொரசொரத்தாலோ, அவை எதுவும் செய்ய முடியாது. அதற்குக் கல்லையே கொஞ்சம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இதற்குத் திரும்பும் வழியே கிடையாது.

மரகதத்தின் கடினம் மோஸ் அளவில் 7.5 முதல் 8 வரை. கீறல் விழுவது எளிதல்ல. கடினம் வேறு, அடி தாங்கும் திடம் வேறு. உள்ளே விரிசல் ஓடும் கல்லுக்கு இரண்டாவது குறைவு, அது விளிம்பில் தட்டுப்பட்டால் சில்லாகப் பெயரும். நான்கு மூலையும் சாய்வாக வெட்டி, பட்டைகளைப் படிக்கட்டு போல அடுக்கிய செவ்வகப் படிப்பட்டை மரகதத்துக்கே பேர்போனது. கூர்மையான மூலை முதலில் போய்விடும் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

பட்டைத் தட்டில் வைக்கும்போது உராய்வால் கல் சூடாகும். விரிசலில் உள்ள எண்ணெய் வெளியேறும், சில நேரம் விரிசல் நீளும். மேற்பரப்பைத் தேய்த்து எடுப்பதால் இதுவரை உள்ளே மூடியிருந்த ஒரு விரிசல் வெளியே திறந்துகொள்ளவும் கூடும். ஆகவே பட்டை தீட்டினால் அதோடு எண்ணெய் ஏற்றும் செலவும் கட்டாயம் சேரும். இதைப் பலரும் முதலில் சொல்வதில்லை. அப்புறம் அளவு மாறிய கல் பழைய மோதிரத்தில் உட்காராது என்பதால் பதிப்பு வேலையும் கூடும்.

## ஒரு கல்லை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

9 மில்லிமீட்டர் நீளம், 7 மில்லிமீட்டர் அகலம், 2.2 கேரட் எடையுள்ள படிப்பட்டை மரகதம் என்று வைத்துக்கொள்வோம். மோதிரத்தில் பல வருடம் இருந்தது. நடுவே ஒரு வெள்ளைத் தளம் தெரிகிறது, ஒரு மூலையில் 0.3 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சில்லு போயிருக்கிறது. பரிசோதனையில் உள்ளே இருப்பது எண்ணெய் மட்டும் என்று வந்திருக்கிறது.

பட்டை தீட்டுபவர் "சுற்றிலும் சமமாக எடுத்து முழுசாகப் புதுசாக்கிவிடுகிறேன்" என்றால், நான்கு பக்கமும் 0.3 மில்லிமீட்டர் போகும். அளவு 8.4க்கு 6.4 ஆகும். மேல்பரப்பு 63 சதுர மில்லிமீட்டரிலிருந்து ஏறத்தாழ 54க்கு இறங்கும், எடையும் அதே அளவில் சுமார் 15 சதவீதம் குறைந்து 1.9 கேரட்டுக்குக் கீழே வந்து நிற்கும். 2 கேரட் என்ற எல்லையைத் தாண்டிக் கீழே வந்தால் ஒரு கேரட்டுக்கான விலையே குறைவது வழக்கம் என்பதால், இழப்பு 15 சதவீதத்தோடு நிற்காது.

அதற்குப் பதிலாக, பெயர்ந்த மூலையின் சாய்வை மட்டும் 0.3 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, மற்ற மூன்று மூலைகளையும் அதற்கு ஈடாகச் சரிசெய்யச் சொல்லலாம். மூலைக்கு அரை சதுர மில்லிமீட்டருக்கும் குறைவாகவே போகும், மொத்தத்தில் சுமார் 3 சதவீதம். கல் 2.1 கேரட்டுக்கு மேலேயே நிற்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

மூன்றாவது வழி, அந்த மூலையைத் தொடாமல், பதிப்பை மாற்றுவது. மூலையின் மேல் உலோகம் மடிந்து உட்காரும்படியோ, சுற்றிலும் உலோக விளிம்பு வைத்தோ பதித்தால் சில்லு மறைந்துவிடும். அந்த மூலைக்கும் இனிமேல் அடிபடாது. சில்லிலிருந்து புதிய விரிசல் எதுவும் உள்ளே ஓடவில்லை என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஓடினால் மூலையை மட்டும் திருத்தச் சொல்வேன். இரண்டு வகையிலும் கல் கழற்றப்படுவதால், அந்தச் சமயத்திலேயே பழைய எண்ணெயை எடுத்துவிட்டு நிறமற்ற எண்ணெயை ஏற்றிவிடலாம். திருத்துவதாக இருந்தால் வரிசை முக்கியம்: முதலில் பட்டை, பிறகு சுத்தம், பிறகு எண்ணெய், கடைசியில் பதிப்பு. எண்ணெய் ஏற்றிவிட்டுப் பட்டைத் தட்டில் வைத்தால் ஏற்றியது வீண்.

## எந்த வழியாக இருந்தாலும், வீட்டுக்கு வந்த பிறகு

கழுவுவதற்கு அறை வெப்ப நீரும், ஒரு சொட்டு மென்மையான சோப்பும், குழந்தைகளுக்கான மிருதுவான பல் துலக்கியும் போதும். ஊறவைக்காமல், கல்லின் அடிப்பக்கத்தை மெல்லத் தேய்த்து, உடனே அலசி, பஞ்சுத் துணியால் ஒற்றி எடுங்கள். அல்ட்ராசோனிக் கருவி, நீராவி, கொதிநீர் மூன்றும் கூடாது. அதிர்வு விரிசலை நீட்டும், வெப்பம் எண்ணெயை இளக்கி வெளியேற்றும், உள்ளே சிக்கியிருக்கும் திரவமும் சூட்டில் விரிந்து கல்லைப் பிளக்கலாம். கை சுத்திகரிப்பானும் வாசனைத் திரவியமும் ஆல்கஹால் கொண்டவை என்பதால் அவற்றைப் போட்டுக் கை உலர்ந்த பிறகு மோதிரத்தைப் போடுங்கள். பெட்டியில் வைக்கும்போது தனித் துணிப்பையில் வையுங்கள், பக்கத்தில் வைரமோ நீலக்கல்லோ இருந்தால் அவை மரகதத்தைக் கீறும்.

பிறகு, மோதிரத்தின் அளவை மாற்றவோ கம்பியைப் பற்றவைக்கவோ கொடுக்கும்போது, கல்லைக் கழற்றிவிட்டுத்தான் தீ வைக்க வேண்டும், அல்ட்ராசோனிக்கில் போடக் கூடாது என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. நீங்கள் பேசியவர் ஒருவராகவும் வேலை செய்பவர் வேறொருவராகவும் இருப்பார். "மரகதம், எண்ணெய் ஏற்றியது, சூடு கூடாது, அல்ட்ராசோனிக் கூடாது" என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.